தமிழ் வினாக்கொத்தைத் தமிழில் வாசித்துப் பாருங்கள்: சுகாதார ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பாரிஸ் புறநகர்களில் உங்கள் சுகாதார வினாக்கொத்தைத் தமிழில் கேட்டுவரும் களப் பணியாளர்களில் நானும் ஒருத்தி. சில கேள்விகள் மக்களுக்கு வேறு பொருளில் போய்ச் சேருகின்றன என்று பிரெஞ்சில் உங்களுக்கு எழுதியிருந்தேன். "மீள்மொழிபெயர்ப்பு மூலத்துடன் பொருந்துகிறது, ஆகவே மாற்றம் தேவையில்லை" என்று பதில் வந்தது. தமிழ் வடிவத்தை இன்னொருவர் மறுபடி பிரெஞ்சுக்குத் திருப்புவதுதான் மீள்மொழிபெயர்ப்பு. அப்படித் திரும்பியதை மூலத்தின் பக்கத்தில் வைத்த ஒப்பீட்டுத் தாளையும் கூடவே அனுப்பியிருந்தீர்கள். அதற்கு நன்றி. அந்தத் தாளைப் படித்த பிறகுதான் இதைப் பொதுவில் எழுத முடிவு செய்தேன். இந்தக் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொன்ன மக்களுக்கும் இதில் உரிமை இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த சுற்றுக்கு முன், தமிழ் வடிவத்தைத் தமிழ் மட்டும் பேசுகிற மனிதர்களிடம் கொடுத்து, அவர்கள் அதை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

பணம் காரணமாகச் சிகிச்சையைத் தவறவிட்டது பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். கடந்த 12 மாதங்களில் பணக் காரணங்களுக்காகச் சிகிச்சை எதையாவது 'ரெனோன்ஸே' செய்தீர்களா, அதாவது வேண்டாமென்று விட்டீர்களா என்பது பிரெஞ்சுச் சுகாதார ஆய்வுகளில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி. தமிழ் வினாக்கொத்தில் அது இப்படி இருக்கிறது: "கடந்த 12 மாதங்களில், நிதிக் காரணங்களுக்காக, சில சிகிச்சைகளை நீங்கள் கைவிட்டதுண்டா?"

எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவிடம் இதைக் கேட்டேன். "இல்லைப் பிள்ளை, நான் ஒரு வைத்தியத்தையும் கைவிடேல்லை. பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுறன், சுகர் குளிசையும் போடுறன்" என்றார். 'இல்லை' என்று பதிந்தேன். எல்லாக் கேள்வியும் முடிந்து தேநீர் தந்தபோது, தான் ஒரு பக்கத்தால் மட்டுமே சாப்பிடுவதாகச் சொன்னார். மறுபக்கத்தில் பல் இல்லை. பல் வைத்தியர் செலவு மதிப்பீடு எழுதிக் கொடுத்திருக்கிறார். தொகையைப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கண்ணாடி மாற்றவேண்டும் என்று சொல்லியும் மாற்றவில்லை. உங்கள் கேள்வி தேடிக்கொண்டிருந்த ஆள் அந்த அம்மாதான். உங்கள் தரவுக் கோப்பில் அவர் எந்தச் சிகிச்சையையும் தவறவிடாதவர்.

'கைவிடுவது' என்றால் கையில் பிடித்திருந்த ஒன்றை விடுவது. தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தினீர்களா என்றுதான் அவர் விளங்கிக்கொண்டார். பிரெஞ்சுச் சொல்லோ, தொடங்காமலே விட்டதையும் சேர்த்துக்கொள்ளும். அப்படித் தொடங்காமல் விடுவது பல்லிலும் கண்ணாடியிலும்தான் அதிகம் நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். கேள்வியை என் சொல்லில் விளக்க எனக்கு அனுமதியில்லை. எழுதியபடியே வாசிக்கவேண்டும், கேட்டால் திரும்ப வாசிக்கவேண்டும். அந்த விதி ஏன் இருக்கிறது என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த விதி நியாயமாக இருக்கவேண்டுமென்றால், எழுதியிருப்பது முதலில் சரியாக இருக்கவேண்டும்.

இந்தக் கேள்வியின் வரலாற்றை உங்கள் ஒப்பீட்டுத் தாளிலேயே காணலாம். முதல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது இது: "கடந்த 12 மாதங்களில், செலவை நினைத்து, செய்யவேண்டிய வைத்தியம் எதையாவது செய்யாமல் விட்டதுண்டா?" கேட்டவுடன் யாருக்கும் விளங்கும் தமிழ். இதை இன்னொருவர் பிரெஞ்சுக்குத் திருப்பினார். திரும்பி வந்த வாக்கியத்தில் 'ரெனோன்ஸே' இல்லை, 'செய்யாமல் விடுவது' இருந்தது. 'பணக் காரணங்கள்' போய் 'செலவை நினைத்து' வந்திருந்தது. 'சில' என்ற சொல்லும் இல்லை. மூன்று வேறுபாடுகள் என்று சிவப்பில் குறித்து, தமிழைத் திருத்தச் சொன்னீர்கள். அவர் திருத்தி எழுதியதுதான் 'கைவிட்டதுண்டா'. அது பிரெஞ்சில் அப்படியே 'ரெனோன்ஸே' ஆகத் திரும்பியது. பச்சைக் குறி கிடைத்தது.

நல்ல தமிழ் தள்ளப்பட்டு, பிழையான தமிழ் தேறியிருக்கிறது. இதற்கு மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிரெஞ்சுச் சொல்லை நிழல்போலத் தொடரும் தமிழ் எப்போதும் அழகாகவே திரும்பும். மக்கள் பேசுகிறபடி எழுதிய தமிழ், திரும்பும்போது வேறு உருவில்தான் வரும். பிரெஞ்சு வாக்கியங்கள் இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு நிழல்போலத் தொடர்ந்த தமிழ் சரியாகவும் மக்கள் பேசும் தமிழ் பிழையாகவும் தெரியும். இடையில் இருக்கும் தமிழை, அது ஒருவர் காதில் எப்படி விழும் என்று எண்ணி யாரும் வாசிக்கவில்லை.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. மீள்மொழிபெயர்ப்பு முறையைப் பரவலாக்கிய 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் எச்சரித்திருக்கிறார். மொழிபெயர்ப்பு சரியில்லாவிட்டாலும் மூலமும் மீள்மொழிபெயர்ப்பும் பொருந்திப்போக மூன்று வழிகள் உண்டு என்கிறார். இரு மொழிபெயர்ப்பாளர்களும் ஒரே அகராதிப் பழக்கத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். திருப்புகிறவர் மோசமான வாக்கியத்தையும் ஊகித்துச் சீர்செய்துவிடலாம். மூலமொழியின் இலக்கணம் இடையிலுள்ள மொழியில் அப்படியே தங்கியிருக்கலாம். இதெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டது.

இந்த இரண்டாவது வழியும் உங்கள் தாளில் இருக்கிறது. ஒரே வீட்டில் வாழ்பவர்களைக் குறிக்கும் 'மெனாழ்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'குடும்பம்' என்று போட்டிருக்கிறது. மீள்மொழிபெயர்ப்பில் அது 'மெனாழ்' என்றே திரும்பியிருக்கிறது. திருப்பியவர் ஆய்வு மொழி பழகியவர், இந்த இடத்தில் என்ன இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரே அறைவீட்டில் நான்கு இளைஞர்களோடு சமையலைப் பகிர்ந்து வாழும் ஒருவரிடம் "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்" என்று கேட்டால், ஊரில் இருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும்தான் எண்ணுவார். எண்ணினார்.

அடுத்தது 'மெத்சான் த்ரெத்தான்'. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு இது பிரான்சில் ஒரு நிர்வாகச் சொல்: சுகாதாரக் காப்புறுதியிடம் நாம் பெயர் கொடுத்துப் பதிந்த வைத்தியர். அவர் வழியாகப் போனால் ஆலோசனைக் கட்டணத்தில் 70 சதவீதம் அடிப்படையாகத் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் பொதுவாக அது 30 சதவீதமாகக் குறையும். தமிழ் வடிவத்தில் 'சிகிச்சையளிக்கும் வைத்தியர்' என்று இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து சரி, பழுதில்லாமல் திரும்புகிறது, பச்சைக் குறி. "உங்களுக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியர் இருக்கிறாரா?" என்று கேட்டால், நோயில்லாதவர்கள் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்கிறார்கள். இருதய நோயாளி மருத்துவமனையில் தன்னைப் பார்க்கும் நிபுணரைச் சொல்கிறார். "காப்புறுதியில் உங்கள் டொக்டர் என்று பதிந்து வைத்திருக்கும் வைத்தியர்" என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் திரும்பும்போது நீளமாக வரும், சிவப்புக் குறி விழும்.

அப்புறம் இந்தப் பதில்கள் எங்கே போகின்றன? அட்டவணைக்குப் போகின்றன. தமிழர்கள் பணத்துக்காகச் சிகிச்சையைத் தவறவிடுவது குறைவு, ஆனால் பதிந்த வைத்தியர் இல்லாதவர்கள் அவர்களிடம் அதிகம் என்று அதில் வரும். அதைப் பார்த்து யாராவது இந்த மக்களுக்குப் பண உதவி தேவையில்லை, விழிப்புணர்வுக் கூட்டம் போதும் என்று முடிவெடுப்பார்கள். இங்கே நாங்கள் பலகாலமாகப் பார்க்கிற கூத்து இது. எங்களைப் பற்றி எடுக்கும் முடிவுகளுக்கான சான்றை எங்கள் வாயிலிருந்தே எடுக்கிறார்கள், எங்களுக்கு விளங்காத கேள்வியால். பிரெஞ்சு வினாக்கொத்தின் ஒவ்வொரு வரியையும் களத்தில் சோதித்த பிறகே அச்சிடுகிறீர்கள். அந்த மரியாதை தமிழ் வரிக்கு ஏன் இல்லை? செலவாகும் என்பீர்கள். எங்களிடம் கேட்டுச் சேர்த்த இத்தனை பதில்களும் வீணாவது செலவில்லையா?

மன்னியுங்கள், கோபம் சற்று முந்திவிட்டது. உங்களில் பலர் அக்கறையோடு வேலை செய்வதை நேரில் கண்டிருக்கிறேன்.

மீள்மொழிபெயர்ப்பைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. விடுபட்டதைப் பிடிக்க அது நல்ல கருவி. உடல்நலப் பிரச்சினையால் "குறைந்தது ஆறு மாதமாக" அன்றாட வேலைகள் தடைப்பட்டனவா என்ற கேள்வியில், 'குறைந்தது' என்ற சொல் தமிழில் விடுபட்டிருந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது. எண் மாறினால், எதிர்மறை தொலைந்தால், பதில் வரிசை பிறழ்ந்தால் அது காட்டும். விளங்குகிறதா என்பதை மட்டும் அதனால் காட்ட முடியாது. பிரான்சும் பங்கெடுக்கும் ஐரோப்பிய சமூக ஆய்வு இதற்கு வேறு வழியை வைத்திருக்கிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள், பிறகு ஆய்வை அறிந்த ஒருவரோடு சேர்ந்திருந்து வரிவரியாக விவாதிப்பார்கள், முடிவை எழுதிவைப்பார்கள், களத்தில் சோதிப்பார்கள்.

எனவே மீண்டும் பணிவாகக் கேட்கிறேன். அடுத்த சுற்றுக்கு முன் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிடுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், புதுச்சேரி என்று பேச்சு வேறுபடும் ஆட்களாக, பிரெஞ்சு தெரியாதவர்களாக இருக்கட்டும். கேள்வியை வாசித்துப் பதில் வாங்கிய பிறகு, "இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது? உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "வைத்தியத்தைக் கைவிடுவது என்றால் எதை நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைத் தமிழிலேயே பதிந்து, மொழிபெயர்ப்பாளர்களோடும் களப் பணியாளர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். திருத்திய தமிழ் திரும்பும்போது பிரெஞ்சு வாக்கியம் வேறாகத் தெரிந்தால், ஏன் வேறாகத் தெரிகிறது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். மொழிபெயர்ப்பை அதற்காக மாற்றவேண்டாம்.

ஏற்கெனவே சேர்த்த தரவிலும் ஒரு வேலை இருக்கிறது. இந்த மூன்று கேள்விகளுக்கும் தமிழில் பெற்ற பதில்களைப் பிரெஞ்சில் பெற்றவற்றோடு ஒப்பிட்டு எதையும் வெளியிடவேண்டாம். கோப்பில் எந்த மொழியில் கேட்கப்பட்டது என்ற குறி இருக்கிறது, பிரித்தெடுப்பது கடினமில்லை.

சோதனைக்கு ஆட்களை அழைத்துவர நானும் என் சக பணியாளர்களும் தயாராக இருக்கிறோம். எந்த நாள் என்று மட்டும் தெரிவியுங்கள்.

மரியாதையுடன்,
தமிழ்ப் பிரிவின் களப் பணியாளர் ஒருவர்