ஹெட்போன் வாங்குவதற்கு முன் கீபோர்டின் கட்டையை அழுத்திப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

மகளின் பிறந்தநாளுக்கு வயர்லெஸ் ஹெட்போன் வாங்கப் போவதாகச் சொன்னாயே, கொஞ்சம் பொறு. பாட்டு கேட்பதற்கு என்றால் நான் குறுக்கே வரமாட்டேன். ராத்திரியில் கீபோர்டு வாசிக்கத்தான் என்கிறாய். அங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன்.

என் மகனுக்கு விலை கூடிய ப்ளூடூத் ஹெட்போனாகப் பார்த்து வாங்கி, கீபோர்டிலிருந்து ஒலியை அனுப்ப ஒரு குட்டிக் கருவியையும் செருகிக் கொடுத்தேன். இரண்டே நாளில் தாளம் தள்ளாட ஆரம்பித்தது. கை முன்னால் போகிறது, சத்தம் பின்னாலேயே ஓடி வருகிறது. சத்தம் வரட்டும் என்று அவன் காத்திருக்க, வேகம் இன்னும் குறைந்தது. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் திரும்ப விரிக்கிறது. அதற்குள் பெரும்பாலும் 150, 200 மில்லிசெகண்டு ஓடிவிடும். கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. வாசிக்கிறவருக்கு 20, 30 தாண்டினாலே விரல் குழம்பத் தொடங்கும்.

அதனால் வயர் உள்ளதே வாங்கு. காதை முழுதாக மூடுவதாக இருக்கட்டும், நடுத்தர விலை போதும். கீபோர்டில் ஹெட்போன் துளை 3.5 மில்லிமீட்டரா, பெரிய 6.35-ஆ என்று மட்டும் பார்த்துக்கொள். பெரியதென்றால் சின்ன அடாப்டர் ஒன்று சேர்த்து வாங்கிவிடு.

ஆனால் எனக்குச் சந்தேகமே வேறு. ஆசிரியர் வீட்டுப் பியானோ "சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது" என்று அவள் அலுத்துக்கொண்டாள் அல்லவா? உங்கள் வீட்டுக் கீபோர்டில் ஒரே கட்டையை மெல்ல அழுத்து, அப்புறம் ஓங்கி அழுத்து. இரண்டும் ஒரே அளவில் ஒலித்தால், விரலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டச் அமைப்பை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பார். அப்படி ஓர் அமைப்பே இல்லையென்றால் கோளாறு அங்கேதான். மெல்ல வாசி, பலமாக வாசி என்று பாடத்தில் குறி வந்துவிட்டது, வீட்டில் அதைப் பழக அவளுக்கு வழியே இல்லை. எவ்வளவு நல்ல ஹெட்போன் போட்டாலும் கீபோர்டில் இல்லாத வித்தியாசம் காதில் விழாது.

அந்த நிலையில், பணத்தை டச் உள்ள கீபோர்டில் போடு. இது அவளுக்கு இரண்டாவது வருடம்தானே, 61 கட்டை இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். பியானோதான் வாசிக்கப் போகிறாள் என்று ஆசிரியரும் சொன்னால், 88 கட்டையும் பியானோ போலக் கனமான அழுத்தமும் உள்ளதாகத் தேடு. அதைத் தூக்கித் தூக்கி உள்ளே வைக்க முடியாது, நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும்.

அவ்வளவு பணம் இப்போது இல்லையா? சாதாரண வயர் ஹெட்போன் ஒன்று வாங்கிவிட்டு, மிச்சத்தில் மூன்று மாதத்துக்கு வாரம் அரை மணி கூடுதல் வகுப்பு ஏற்பாடு செய். அந்த நேரம் ஆசிரியரின் பியானோவிலேயே அவள் கை பழகட்டும்.

கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு ராத்திரி போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா