முதலில் அசலைப் போடுங்கள்: திரைப்பட மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரித் திரைப்பட மன்றங்களையும் ஊர் ஃபிலிம் சொசைட்டிகளையும் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். உலக நகைச்சுவைப் படங்கள் என்று நீங்கள் போடும் பட்டியல்களில் 1980இல் வந்த 'ஏர்ப்ளேன்!' அடிக்கடி கண்ணில் படுகிறது. நல்ல தேர்வு. ஆனால் அந்தப் படத்தைத் தனியாகத் திரையிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். அதே மாலையில், அதற்கு முன்னால், 1957இல் வந்த 'ஜீரோ ஹவர்!' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தையும் போடுங்கள். 'ஜீரோ ஹவர்!' 81 நிமிடம், 'ஏர்ப்ளேன்!' 88 நிமிடம். இரண்டையும் சேர்த்தாலும் நம் ஊர்ப் பழைய படம் ஒன்றின் நீளம்தான் வரும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தனியாகத் திரையிட்டபோது அரங்கில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். கோமாளித்தனமான இடங்களில் சிரிப்பு வருகிறது. படத்தின் மிகக் கூர்மையான நகைச்சுவை வரும் இடங்களிலோ அரங்கம் மௌனமாக இருக்கிறது. இருபது வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் "இதுக்கா இவ்வளவு பேரு?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வருகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரியாதவரை உட்கார வைத்துக் கிண்டலைக் காட்டினால் வேறென்ன நடக்கும்?

'ஏர்ப்ளேன்!' படத்தை எழுதி இயக்கியவர்கள் ஜிம் ஏப்ரஹாம்ஸ், டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர் ஆகிய மூவர். மேடையில் நையாண்டி நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். கிண்டல் செய்வதற்கு விளம்பரங்கள் வேண்டும் என்று இரவு நேரத் தொலைக்காட்சியை டேப்பில் பதிவு செய்தபோது, நடுவில் 'ஜீரோ ஹவர்!' தானாக வந்து மாட்டியது. பார்த்தால் கதை கச்சிதமாக இருந்தது. அப்புறம் அந்தப் படத்தின் உரிமையையே விலை கொடுத்து வாங்கி, கதையின் எலும்புக்கூட்டையும் பல வசனங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

மூலப் படத்தின் கதை இதுதான். டெட் ஸ்ட்ரைக்கர் போரில் விமானம் ஓட்டியவர். தான் எடுத்த முடிவால் கூட இருந்தவர்கள் இறந்துபோன குற்றவுணர்ச்சியோடு வாழ்கிறார். மனைவி அவரைப் பிரிந்து போகும்போது பின்தொடர்ந்து அதே விமானத்தில் ஏறுகிறார். இரவுச் சாப்பாட்டில் மீன் சாப்பிட்ட பயணிகளுக்கு உணவு நஞ்சாகிறது. விமானிகளும் மீன்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். மற்றதை நீங்களே யூகித்துவிடுவீர்கள். 'ஏர்ப்ளேன்!' கதையும் இதேதான். நாயகனின் பெயர்கூட அதேதான், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மட்டும் வேறு.

இரண்டு படத்திலும் மருத்துவர் ஒரு வசனம் சொல்கிறார். நாம் உயிர் பிழைப்பது ஒரே ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது: விமானம் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, இரவு மீன் சாப்பிடாதவராகவும் இருக்க வேண்டும், அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். 1957இல் இது பதற்றத்தைக் கூட்டுவதற்காக எழுதப்பட்டது. நடிகரும் அப்படித்தான் பேசுகிறார். 1980இல் லெஸ்லி நீல்சன் அதே வசனத்தை, அதே தீவிரத்தோடு பேசுகிறார். கண் சிமிட்டவில்லை, குரலை மாற்றவில்லை. நகைச்சுவை எழுத்தாளர்கள் அதில் சேர்த்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூலத்தைப் பார்த்தவருக்கு இது தெரியும், அதனால்தான் வயிறு வலிக்கச் சிரிக்கிறார். பார்க்காதவர் இதை 'யாரோ யோசித்து எழுதிய ஜோக்' என்று எடுத்துக்கொண்டு லேசாகப் புன்னகைத்துவிட்டுக் கடந்துவிடுகிறார். ஒரே வசனம், ஒரே காட்சி, ஆனால் இருவர் பார்ப்பதும் வெவ்வேறு படங்கள்.

இன்னொன்று. 'ஜீரோ ஹவர்!' படத்தில் தரையிலிருந்து விமானத்துக்கு வழிகாட்டும் மனிதர், புகைப் பழக்கத்தை விடுவதற்குத் தப்பான வாரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று ஒருமுறை சொல்வார். விமானப் படங்களில் இறுக்கத்தைக் காட்ட இப்படி ஒரு வரி வைப்பது வழக்கம். 'ஏர்ப்ளேன்!' அந்த வரியை லாயிட் பிரிட்ஜஸிடம் கொடுத்து, படம் நெடுக வளர்க்கிறது. முதலில் புகை, பிறகு குடி, பிறகு போதை மாத்திரை, கடைசியில் பசையை முகர்வது. இதில் கவனிக்க வேண்டியது, மூலம் தெரியாதவருக்கும் இந்த ஜோக் பாதி வேலை செய்கிறது என்பது. முதல் தடவை சாதாரணமாகச் சொல்லி, அதைப் படமே பழக்கமாக்கி, பிறகு உடைக்கிறது. பார்வையாளருக்கு வேண்டிய முன்னறிவைப் படம் தானே ஊட்டிவிடுகிறது. நல்ல பகடிப் படங்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதற்கு இந்த வித்தை ஒரு பெரிய காரணம்.

ஆனால் எல்லா ஜோக்குக்கும் இந்த வசதி கிடையாது. விமானி அறைக்கு ஒரு சிறுவன் வரும் காட்சியைப் பாருங்கள். 'ஜீரோ ஹவர்!' படத்தில் கேப்டனாக நடித்தவர் எல்ராய் ஹிர்ஷ், பெயர் பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். விளையாட்டு வீரரைக் கூட்டம் சேர்ப்பதற்காகப் படத்தில் போடுவது ஹாலிவுட்டின் பழைய பழக்கம். 'ஏர்ப்ளேன்!' படத்தில் துணை விமானி இருக்கையில் கூடைப்பந்து நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் உட்கார்ந்திருக்கிறார். சிறுவன் அவரை அடையாளம் கண்டு பெயரைச் சொல்கிறான். அவரோ, இல்லை, நான் ரோஜர் மர்டாக், துணை விமானி என்று சாதிக்கிறார். தடுப்பாட்டத்தில் நீங்கள் போதுமான அளவு உழைப்பதில்லை என்று அப்பா சொல்கிறார் என்று பையன் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அவனைப் பிடித்து இழுத்து, கரீமாகவே மாறிப் பொரிந்து தள்ளுகிறார்.

இதை ரசிக்க இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கரீம் யார் என்பது ஒன்று, விளையாட்டு வீரர்களைப் படத்தில் திணிக்கும் வழக்கம் இன்னொன்று. முதலாவதை நீங்கள் திரையிடலுக்கு முன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சற்று முன்புதான் ஹிர்ஷ் விமானி உடையில் விறைப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தால், யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

நீல்சனைப் பற்றி இன்னொரு சங்கதியும் உண்டு. 1980 வரை அவர் நகைச்சுவை நடிகராக அறியப்படவே இல்லை. 1972இல் வந்த 'தி பொசைடன் அட்வெஞ்சர்' என்ற பேரிடர்ப் படத்தில் கப்பல் கேப்டனாகவே நடித்தவர். பீட்டர் கிரேவ்ஸ், ராபர்ட் ஸ்டாக், லாயிட் பிரிட்ஜஸ் எல்லோரும் இறுகிய முகத்துக்குப் பேர் போனவர்கள். அந்த முகங்களைத் தேடிப் போய்ப் போட்டதுதான் இயக்குநர்களின் பெரிய தந்திரம். ஆனால் 1988இல் 'தி நேக்கட் கன்' வந்தது, நீல்சன் முகமே சிரிப்புக்குரியதாகிவிட்டது. இன்று அவர் திரையில் நுழைந்ததுமே சிரிக்கிறார்கள். அன்று நகைச்சுவை செய்யாத முகம் என்பதால் எழுந்த சிரிப்பு, இன்று நகைச்சுவை முகம் என்பதால் எழுகிறது. படம் மாறவில்லை, அதைச் சுற்றி இருந்த அறிவு மாறிவிட்டது.

ஒலியைக்கூட விட்டுவைக்கவில்லை. திரையில் பறப்பது ஜெட் விமானம். காதில் விழுவதோ பழைய விசிறி விமானத்தின் இரைச்சல். 'ஜீரோ ஹவர்!' விமானம் விசிறி விமானம். முதல் படத்தைப் பார்த்த காது, இரண்டாவது படத்தில் இதைத் தானாகவே பிடித்துவிடும்.

ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது. 1980இல் அமெரிக்கத் திரையரங்குகளில் சிரித்தவர்களில் எத்தனை பேர் 'ஜீரோ ஹவர்!' பார்த்திருப்பார்கள்? மிகச் சிலரே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் 1970இலிருந்து 1979 வரை வந்த நான்கு 'ஏர்போர்ட்' படங்கள் ஓடிய காலத்தில் வாழ்ந்தவர்கள். ஆபத்தில் சிக்கிய விமானம், நோயாளிச் சிறுமி, கிடாருடன் பாட்டுப் பாடும் கன்னியாஸ்திரி, தரையில் கத்தும் அதிகாரி எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தேவைப்படுவது ஒரு குறிப்பிட்ட படத்தின் அறிவு அல்ல, அந்த வகைப் படங்களின் இலக்கணம். நம் பிள்ளைகளுக்கு அந்த இலக்கணம் எங்கிருந்தும் கிடைப்பதில்லை. அதைக் கொடுப்பதற்கு 'ஜீரோ ஹவர்!' மிகச் சிக்கனமான வழி.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பகடிப் படம் நிற்கும், எது உதிரும் என்பதும் பிடிபடும். 2008 ஆகஸ்டில் வந்த 'டிசாஸ்டர் மூவி' அதே கோடையில் வெளியான படங்களின் நாயகர்களை வரிசையாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தியது. அயர்ன் மேனைப் பார்த்ததும் 'ஆமாம், இது அயர்ன் மேன்' என்று தெரிந்துகொள்வதோடு சரி. அந்த வகைப் படம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம், முன்னால் எந்தப் படத்தைப் போட்டாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

நம் படத்துக்கும் இதே நிலைமை வந்துகொண்டிருக்கிறது. சி.எஸ். அமுதன் இயக்கி, சிவா நடித்து 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' ஆண் குழந்தைகளைக் கொல்லும் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' பெண் சிசுக்கொலையைப் பேசியது தெரிந்தவருக்கு இது எந்த மண்ணைத் தலைகீழாக்குகிறது என்று உடனே புரியும். தெரியாதவருக்கு அது வினோதமான, கொஞ்சம் கொடூரமான தொடக்கம், அவ்வளவுதான். ஆனால் அதே படத்தின் 'ஓ மகசீயா' பாட்டு இன்னும் நீண்ட நாள் வாழும். தமிழ்ப் பாடல்களில் வரும் பொருளற்ற சொற்களாலேயே முழுப் பாட்டையும் கட்டியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு பாட்டு தெரியாவிட்டாலும், நம் சினிமாப் பாட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தாலே போதும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். 'ஜீரோ ஹவர்!' முழுவதையும் போட நேரம் இல்லை என்றால், சாப்பாடு பரிமாறும் இடம், சிறுவன் விமானி அறைக்குள் வரும் இடம், மருத்துவர் மீனைப் பற்றிச் சொல்லும் இடம் ஆகிய மூன்றை மட்டும் வெட்டாமல் காட்டுங்கள். அதற்கு முன் எந்த முன்னுரையும் வேண்டாம். அடுத்து ஒரு கிண்டல் படம் வரப்போகிறது என்று சொல்லிவிட்டால், மூலத்தையே சிரிப்பதற்காகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதை அவர்கள் பயத்தோடும் அக்கறையோடும் பார்க்க வேண்டும்.

தயவுசெய்து, படம் முடிந்த பிறகு மூலக் காட்சியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அது ஆய்வுக்கு உதவும், அந்த நேரத்தில் வராமல் போன சிரிப்பைத் திருப்பித் தராது. எதை எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்ற பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுப்பதும் வேண்டாம். பட்டியலோடு பார்ப்பவர் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்.

'தமிழ்ப் படம்' போடுவதாக இருந்தால் முந்தின வாரம் 'கருத்தம்மா' போடுங்கள். இரண்டையும் ஒரே மாலையில் போட முடியாது, நீளம் அதிகம். ஒரு வார இடைவெளி கெடுதல் செய்யாது.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்