கையெழுத்துத் திரட்டி எமோஜி பெற முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த எமோஜி கட்டுரையில், ‘போதிய பேர் கையெழுத்திட்டால் யுனிகோட் அமைப்பு புதிய எமோஜியை வழங்கிவிடும்’ என்றொரு வரி இருந்தது. அதைப் படித்து மனம் நொந்துபோனேன். இதே நம்பிக்கையில்தான் நானும் நண்பர்களும் ஐந்து மாதம் அலைந்து கையெழுத்துத் திரட்டினோம். கையெழுத்து மனுக்களைச் சான்றாக ஏற்பதில்லை என்று யுனிகோட்டின் வழிகாட்டு நெறிகளிலேயே எழுதியிருப்பதை, எங்கள் முன்மொழிவு மறுக்கப்பட்ட பிறகுதான் கண்டேன்.

அவர்கள் கேட்பது வேறு. முன்மொழியும் பொருளை மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்பதை கூகுள் ட்ரெண்ட்ஸ் போன்றவற்றின் வரைபடங்களால் காட்ட வேண்டும். அதுவும் ‘elephant’ என்ற சொல்லுக்கான தேடலோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இருக்கிற எமோஜிகளைக் கொண்டே அதைச் சொல்லிவிட முடியுமானால், அதுவே மறுப்பதற்குப் போதிய காரணமாகிவிடும். எங்கள் முன்மொழிவு இந்த இடத்திலும் சறுக்கியது. இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று அன்று கோபப்பட்டேன். கணினி அடையாளம் காண ஓர் எழுத்துக்கோ எமோஜிக்கோ ஒருமுறை வழங்கிய குறியெண்ணை யுனிகோட் ஒருபோதும் திரும்பப் பெறுவதில்லை என்று அறிந்தபின் அந்தக் கோபம் தணிந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். பீனிக்ஸ் பறவைக்குப் ‘புதிய குறியெண்’ கிடைத்ததாக முன்பொருமுறை தங்கள் இதழ் எழுதியது. 2023-இல் வந்த அந்த எமோஜிக்குத் தனிக் குறியெண்ணே கிடையாது. பறவை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பி, நெருப்பு ஆகிய மூன்றின் கோவை அது:

```
U+1F426 U+200D U+1F525
```

நாம் ‘கி’ என்று ஓரெழுத்தாகப் படிப்பது கணினியில் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியெண்களாய் இருப்பதைப் போன்றதே இது. இந்தக் கோவையை அறியாத பழைய கைப்பேசியில் பறவையும் நெருப்பும் தனித்தனியே தெரியும். முற்றிலும் புதிய குறியெண்ணாக இருந்திருந்தால் வெறும் கட்டம்தான் தெரிந்திருக்கும். திருத்தம் கேட்டு அப்போதே எழுதினேன். பதில் வரவில்லை. அதே பக்கத்தில் எமோஜி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் அச்சாகியிருந்ததையும் எவரும் கவனிக்கவில்லை.

எமோஜியின் உருவத்தை யுனிகோட்டே வரைந்து தருவதாகவும் இம்முறை எழுதியிருக்கிறீர்கள். யுனிகோட் தருவது எண்ணும் பெயரும் மாதிரி உருவமும் மட்டுமே. திரையில் நாம் காணும் படத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே வரைகிறது. U+1F52B என்ற எண்ணில் இருந்த கைத்துப்பாக்கியை ஆப்பிள் 2016-இல் நீர்த்துப்பாக்கியாக மாற்றியதும், மற்ற பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளில் அவ்வாறே செய்ததும் தாங்கள் அறிந்ததே. எண் அன்றும் இன்றும் அதுதான்.

முன்மொழிவுகள் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே பெறப்படுகின்றன. மறுக்கப்பட்டதை உடனே மீண்டும் அனுப்பவும் முடியாது. தங்கள் கட்டுரையை நம்பி இன்று கையெழுத்துத் திரட்டப் புறப்படுகிறவர் பல ஆண்டுகளை இழக்கக்கூடும். எனவே, கையெழுத்து மனுக்கள் சான்றாகக் கொள்ளப்படுவதில்லை என்ற ஒருவரித் திருத்தத்தையேனும் அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்