ஹைட்ரோஸ் டிரம்மை 'கெமிக்கல்' என்று புக் செய்யாதீர்கள்

திருப்பூர், ஈரோடு பார்சல் லாரி புக்கிங் ஆபீஸ் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சாயப்பட்டறைகளுக்கு ரசாயனம் விற்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் எல்.ஆர். ரசீதுகளில் 'கெமிக்கல், 10 டிரம்' என்று மட்டும் எழுதுவதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஹைட்ரோஸை எடுத்துக்கொள்வோம். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் அந்த வெள்ளைத்தூளின் ஆபத்துச் சரக்கு எண் யு.என். 1384, வகுப்பு 4.2, அதாவது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. பேக்கிங் குரூப் 2, நடுத்தர ஆபத்து. இதற்குத் தண்ணீரில் மூழ்க வேண்டியதில்லை. மூடி சரியாக இறுகாத டிரம்மில் கொஞ்சம் மழை ஈரம் இறங்கினாலே உள்ளே வெப்பம் ஏறத் தொடங்கும். டிரம் தொட்டால் சுடும், தீக்குச்சி உரசியது போல நெடி அடிக்கும். அது கந்தக டை ஆக்சைடு. அப்போது யாரும் லாரிக்குள் ஏறக் கூடாது.

சரக்கு ஏற்றும் முன் அனுப்புகிறவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளை (எஸ்.டி.எஸ்.) வாங்குங்கள். 16 பிரிவுகளையும் படிக்க வேண்டாம், 14ஆம் பிரிவுக்குப் போங்கள். யு.என். எண், சரக்கின் முறையான பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப் நான்கும் அங்கே இருக்கும். அவற்றை டிரம்மோடு ஒப்பிடுங்கள். 4.2க்கான லேபிள், முனையில் நிற்கும் சதுரம். மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சிவப்பு, மேலே தீச்சுடர். எஸ்.டி.எஸ். தாளின் இரண்டாம் பிரிவில் வரும் சிவப்பு விளிம்புச் சின்னங்கள் வேறு, அவை இந்த லேபிளுக்கு ஈடாகா.

டிரம்மில் பொறித்த குறியையும் பாருங்கள். உதாரணத்துக்கு:

```
1A2/Y75/S/24
```

1A2 என்றால் மூடி கழற்றக்கூடிய இரும்பு டிரம். Y என்றால் பேக்கிங் குரூப் 2, 3 சரக்குக்குச் சோதித்தது. 75 என்பது டிரம்மோடு சேர்த்து அதிகபட்சக் கிலோ, S திடப்பொருள், 24 தயாரித்த ஆண்டு. 50 கிலோ ஹைட்ரோஸுக்கு இது போதும். Y இருக்கும் இடத்தில் Z இருந்தால் போதாது, அது குரூப் 3க்கு மட்டும்.

அப்புறம், லோடுமேன்கள் இடம் மிச்சம் பிடிக்க ஹைட்ரோஸ் டிரம் மேலேயே பெராக்சைடு கேனை வைத்துவிடுகிறார்கள். அது யு.என். 2014, வகுப்பு 5.1. வாயு வெளியேற அந்தக் கேன் மூடியில் துளை இருக்கும், அதனால் சாய்ந்தால் ஒழுகும். ஒழுகுவது ஆக்சிஜன் கொடுக்கும் திரவம், கீழே இருப்பதோ ஹைட்ரோஸ். இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றாதீர்கள்.

தீப்பிடித்தால் தார்ப்பாய் போட்டு மூடி அணைக்கலாம் என்று டிரைவர்கள் நினைக்கிறார்கள். ஹைட்ரோஸ் எரியக் காற்றே வேண்டாம், மூடினாலும் எரியும். ஒரு வாளித் தண்ணீர் இன்னும் மோசமாக்கும். வெள்ளமாகப் பாய்ச்சினால்தான் நிற்கும், அது தீயணைப்புத் துறை வேலை. டிரைவர் விலகி நின்று யு.என். எண்ணைப் போனில் சொன்னால் போதும்.

அந்த எண் அவர் கையில் இருக்க வேண்டுமே! மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, ஆபத்தான சரக்கின் விவரங்களை அனுப்புகிறவர் கொடுக்க வேண்டும் என்கிறது. எங்களைப் போன்ற வியாபாரிகள் கொடுக்காவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். எல்.ஆரில் 'யு.என். 1384, சோடியம் ஹைட்ரோசல்பைட், 4.2, குரூப் 2' என்று எழுதிய பிறகே டிரம் லாரியில் ஏறட்டும்.

இப்படிக்கு,
ஒரு சாய ரசாயன வியாபாரி