தூக்க மாத்திரையும் சுருங்கிய ஈரலும்

ஆசிரியருக்கு,

ஈரல் சுருக்க நோய் முற்றியிருந்த என் பெரியப்பா பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தார். வயதின் கோளாறென்று எண்ணி, மருந்துக்கடையில் டயசிபாம் என்ற தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் சாரத்தைக் கட்டத் தெரியாமல் நின்றார். நீட்டிய கைகள் சிறகுபோல் அடித்தன.

உறக்கம் தலைகீழாவதே ஈரல் நோயால் வரும் மூளைக் குழப்பத்தின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று என்பதைப் பிறகுதான் அறிந்தோம். பழுதான ஈரல் இரத்தத்திலுள்ள அம்மோனியாவைச் சரிவர அகற்றாததால் அது மூளையை மங்கச் செய்கிறது. அந்த ஈரல் தூக்க மாத்திரையையும் விரைவில் சிதைக்காது. ஏற்கெனவே மங்கிய மூளையை மருந்து நாட்கணக்கில் அமுக்கிவிடுகிறது. மருத்துவமனையில் மாத்திரையை நிறுத்தி, அம்மோனியா வெளியேற, நாளுக்கு 2, 3 தடவை மலம் இளகிப் போகும்படி லாக்டுலோஸ் பாகு கொடுத்தார்கள். நான்காம் நாள்தான் என் பெயரைச் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர்களே, வைத்தியரின் துண்டில்லாமல் தூக்க மாத்திரை விற்காதீர்கள்.

வாசகி,
களுவாஞ்சிகுடி