புத்தகம் கையில் இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

கும்பகோணம்,
ஆவணி மாதக் கடைசி.

அன்புள்ள நண்பர் கலியபெருமாள் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய செய்தி அறிந்து வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. எங்கள் வயலில் சம்பா நாற்று விட்டாகிவிட்டது.

புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுக்கு வேளாண் புவியியலில் வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதாகவும், எந்தக் கேள்வியை எழுதினாலும் அதற்கான பதில் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் கிடைத்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் அந்த இடத்தில் தடுமாறியவன்தான். முதல் முறை நான் கேட்ட கேள்வி இது: ‘குறுவை, சம்பா, தாளடிப் பருவங்களை விளக்கி, டெல்டா விவசாயத்தில் அவற்றின் பங்கினை ஆராய்க.’ ‘ஆராய்க’ என்ற சொல்லைச் சேர்த்ததால் மாணவர்கள் ஆராய்வார்கள் என்று நம்பியிருந்தேன். விடைத்தாள்களைத் திருத்தும்போது, பாடநூலில் ‘தாளடி’ என்பது ஓரிடத்தில் ‘தாளாடி’ என்று தவறாக அச்சாகியிருந்ததும், அதே பிழை வரிசையாகப் பல விடைத்தாள்களில் இருந்ததும் தெரிந்தது. மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்டது புத்தகத்தில் இருந்தது. அவர்கள் அதை எடுத்துக் கொடுத்தார்கள்.

அதன்பின் ஒரு கேள்வியை உருவாக்கப் பல வாரங்கள் செலவிட்டேன். அதை முழுமையாகச் சொல்கிறேன். நாகப்பட்டினம் பக்கம், ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒரு விவசாயி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. ஆனால் அவருடைய வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வது ஜூலை 10. அவருடைய ஆழ்குழாய்க் கிணற்றில் உப்புநீர். கையில் 110 நாள் குறுகிய கால நெல் விதை இருக்கிறது. விரும்பினால் 155 நாள் நீண்ட கால விதையும் வாங்கலாம். நிலத்தின் பரப்பளவு, சென்ற ஆண்டு அவர் போட்ட உரத்தின் அளவு, வீட்டிலிருந்து வயலுக்கு உள்ள தூரம் ஆகியவையும் கேள்வியில் இருந்தன. கேள்வி இதுதான்: ‘இவர் ஜூலை 12 அன்று குறுவைக்கு விதை விடலாமா? உங்கள் முடிவைத் தீர்மானித்த தகவல் எது? கொடுக்கப்பட்ட தகவல்களில் எந்த ஒன்று மாறினால் உங்கள் முடிவும் மாறும்?’

பாடநூலில் குறுவைக்கான விதைப்புக் காலம் ஜூன், ஜூலை என்று அட்டவணை போட்டிருக்கிறது. அதை மட்டும் பார்ப்பவர், ‘ஜூலை 12 பருவத்துக்குள்தான் வருகிறது, ஆகவே விடலாம்’ என்று எழுதுவார். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த விவசாயிக்கு அது போதாது. ஜூலை 12இலிருந்து 110 நாளை எண்ணினால் அறுவடை அக்டோபர் 30 அன்று வரும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். முற்றிய கதிர் மழையில் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைவிடும். கிணற்று நீர் நன்றாக இருந்திருந்தால் வாய்க்காலுக்குக் காத்திராமல் ஜூன் 1 அன்றே நாற்றங்கால் போட்டு, செப்டம்பர் 19 வாக்கில் அறுத்திருக்கலாம்; உப்புநீர் அந்த வழியை அடைத்துவிட்டது. ஆகவே அவர் ஆகஸ்ட் 15 வாக்கில் 155 நாள் விதையை விட்டு, ஜனவரி நடுவில் மழை ஓய்ந்தபின் அறுக்கும் ஒரு போகச் சம்பாவுக்குப் போவதே சரி. விதைப்புக் காலமும் பயிரின் வயதும் மழைக்காலமும் புத்தகத்தில் மூன்று வெவ்வேறு பாடங்களில் இருக்கின்றன. அவற்றை அறுவடைத் தேதி என்ற ஒரே புள்ளியில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை. மாணவர் செய்ய வேண்டிய வேலை அதுவே.

உரத்தையும் தூரத்தையும் ஏன் சேர்த்தேன் என்று நீங்கள் கேட்கலாம். முதல் வரைவில் தேவையான தகவல்களை மட்டுமே கொடுத்திருந்தேன். அப்போது கொடுத்த எண்களை வரிசையாகப் பயன்படுத்தினாலே விடை வந்துவிட்டது. எது தேவை, எது தேவையில்லை என்று பிரிப்பதும் விவசாயி உண்மையில் செய்கிற வேலைதானே. ஆனால் இரண்டு மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள்; கேள்வியைப் படிப்பதிலேயே நேரம் போய்விடும், மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் காரணமில்லாமல் தோற்பார்கள்.

கேள்வி தேறுமா என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் கேள்வியையும் பாடநூலையும் கொடுத்துப் பத்து நிமிடம் விடுவேன். பொருளடக்கத்தைப் புரட்டியே அவர் சரியான விடையை எடுத்துவிட்டால், அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட்டுவிடுவேன். இந்தக் கேள்வியைத் தமிழ்த்துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அட்டவணையைக் காட்டி ‘விடலாம்’ என்றார். அதன்பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மதிப்பெண்ணையும் அதற்கேற்பப் பிரிக்க வேண்டும். பத்து மதிப்பெண்ணில் அறுவடைத் தேதியைக் கணக்கிட்டதற்கு 2, அதை மழையோடு பொருத்தியதற்கு 3, கிணற்று நீரின் பங்கைக் கண்டதற்கு 2, முடிவை மாற்றக்கூடிய தகவலைக் காரணத்தோடு சொன்னதற்கு 3 என்று வைத்தேன். ‘விடலாம்’, ‘விடக்கூடாது’ என்ற சொல்லுக்கு மட்டும் மதிப்பெண் ஏதும் இல்லை. பருவங்களைப் பற்றிப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் எழுதியவருக்கும் இதில் எதுவும் கிடைக்காது. இதைத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் சொல்லிவிட்டேன்.

ஒரு மாணவியின் விடையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். குறுவை முடியும் என்று அவர் எழுதியிருந்தார். திருவையாறு பக்கம் நல்ல கிணற்று நீர் உள்ள ஒருவரிடம் ஜூன் 17 அன்றே நாற்றங்கால் போடச் சொல்லி, 25 நாள் நாற்றை முடிகளாகக் கட்டி வண்டியில் கொண்டுவந்து ஜூலை 12 அன்று நட்டால், அறுவடை அக்டோபர் 5 வாக்கில் வந்துவிடும் என்று தேதிகளை எண்ணிக் காட்டியிருந்தார். வண்டிக்கூலியும் நாற்றின் விலையும் கட்டுபடியாகுமா என்ற கேள்வியையும் அவரே கடைசியில் எழுப்பியிருந்தார். என் விடைக்குறிப்பில் இது இல்லை. முழு மதிப்பெண் கொடுத்து, விடைக்குறிப்பைத் திருத்தி, ஏற்கெனவே திருத்திய தாள்களை மீண்டும் எடுத்து, அதே வழியில் யோசித்தவர் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தேன். ஆகவே முதல் பத்துத் தாள்களைப் படித்து முடிக்கும்வரை விடைக்குறிப்பை இறுதி செய்யாதீர்கள்.

இத்தகைய கேள்விக்கு ஆயுள் ஓராண்டுதான். மறு ஆண்டு தேதிகளை மட்டும் மாற்றிக் கேட்டேன். முந்தைய ஆண்டு விடையை வைத்து ‘விதைப்பு நாளோடு வயதைக் கூட்டு, அக்டோபர் 20ஐத் தாண்டினால் கூடாது’ என்று ஒரு சூத்திரமே மாணவர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறேன். ஒரே நாளில் ஒரே விதையை விட்ட இரண்டு விவசாயிகளில் ஒருவருக்கு மட்டும் விளைச்சல் போய்விட்டது; கொடுத்த குறிப்புகளைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்து, வேறு ஒரு காரணம் ஏன் பொருந்தாது என்றும் காட்ட வேண்டும். மற்றபடி, தாளடி என்றால் என்ன, கடைமடை என்றால் என்ன என்பவை மாணவருக்குப் புத்தகம் இல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். அவற்றுக்கு முந்தைய வாரத்தில் புத்தகம் மூடிய சிறு தேர்வு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தேர்வு நேரம் முழுவதும் சொற்பொருள் தேடுவதிலேயே கழியும்.

உங்கள் வினாத்தாளின் வரைவை அனுப்புங்கள். மறக்காமல் உங்கள் பாடநூலையும் சேர்த்து அனுப்புங்கள். அது கையில் இருந்தால்தான் நான் பத்து நிமிடம் புரட்டிப் பார்த்து எந்தக் கேள்வி தப்பியது என்று சொல்ல முடியும்.

தங்கள் அன்புள்ள,
கோவிந்தராசு