பிஓ இல்லாத அவசர பில்லுக்கு யார் பொறுப்பு? பெங்களூரு நிறுவனங்களின் நிதித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிதித் தலைவர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வெண்டர் பில்களைப் பாஸ் பண்ணும் மேசையில் வேலை பார்ப்பவன் நான். ‘பிஓ இல்லையேல் பணம் இல்லை’, அதாவது முன்கூட்டியே பர்ச்சேஸ் ஆர்டர் போடாத வேலைக்கு பில் பாஸ் ஆகாது என்ற விதி இப்போது நம் ஊர் நிறுவனங்கள் பலவற்றில் இருக்கிறது. அந்த விதியை எடுத்துவிடச் சொல்லி இதை எழுதவில்லை. விதி வேண்டும். வேலை கொடுப்பதற்கு முன்பே பட்ஜெட் இருக்கிறதா, விலை சரியா என்று இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும். பில் வந்ததும் அதை பிஓவோடும், பொருள் வந்ததற்கான ஜிஆர்என்னோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் காசை வெளியே விட்டால் என்ன ஆகும் என்பது இந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவசர வேலை என்று வந்துவிட்டால், பிஓ போடாமல் வேலை கொடுத்தவர் ஒருவர், அதற்கான தண்டனையை அனுபவிப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் நடந்தது இது. பிப்ரவரி 8, சனிக்கிழமை இரவு கரண்ட் போனது. 250 கேவிஏ ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் வோல்டேஜ் எழவில்லை. சர்வர் அறை யுபிஎஸ்ஸில் நின்றுகொண்டிருந்தது. ஃபெசிலிட்டி மேலாளர், பொம்மசந்திராவில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். தருமபுரிக்காரர், உத்யம் பதிவு உள்ள குறுநிறுவனம். தன் கையிருப்பிலிருந்த, வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆர் போர்டைப் போட்டு, கருகிப்போன டயோடுகளையும் மாற்றி, விடியற்காலையில் லோடு ஏற்றிக் காட்டிவிட்டுப் போனார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசரும் ஃபெசிலிட்டி மேலாளரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை பில் போட்டார்: 58,000 ரூபாய், ஜிஎஸ்டி 10,440, மொத்தம் 68,440.

பில் எங்களிடம் 12ஆம் தேதி வந்தது. பிஓ எண் இல்லாததால் அன்றே திருப்பி அனுப்பப்பட்டது. அதன் பிறகு பர்ச்சேஸ் துறை, முடிந்துபோன வேலைக்கு மூன்று கொட்டேஷன் கேட்டது. புது வெண்டர் படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. பிஓ மார்ச் 19இல் ரிலீஸ் ஆனது, ஜிஆர்என் மார்ச் 26இல் விழுந்தது. அதில் பேமெண்ட் டெர்ம் தானாகவே 60 நாள் என்று உட்கார்ந்துகொண்டது. ஏப்ரல் கடைசி வாரத்தில் அந்த மனிதர் ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்தார். “நான் வேலையைச் சரியா செய்யலையா சார்? அப்படின்னா சொல்லுங்க, கேட்டுக்கறேன்” என்று என்னிடம் கேட்டார். வேலையில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. ஜெனரேட்டர் அன்றும் ஓடிக்கொண்டிருந்தது.

பிஓ என்பது நம் வீட்டுக்குள் நாம் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அது இல்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை இன்னொருவர் அனுபவித்தால், பலன் பெற்றவர் ஈடு கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடிய நிமிடமே நாம் கடன்பட்டுவிட்டோம்.

அடுத்தது பலர் கவனிக்காதது. பிஓ இல்லாமல் போனால், சட்டம் நமக்குத் தரும் அவகாசமும் குறைந்துவிடுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்பதை 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டம் 15ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாள், அதுவும் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் 15 நாள்தான். நம்மிடம் பேமெண்ட் டெர்ம் எழுதியிருக்கும் தாள் பெரும்பாலும் பிஓதான். அது இல்லாததால் பொம்மசந்திரா மெக்கானிக்கின் கெடு பிப்ரவரி 24லேயே முடிந்துவிட்டது. மார்ச்சில் போட்ட பிஓவில் 60 நாள் என்று அச்சடித்ததால் அந்தக் கெடு நீளாது. ‘பிஓ இல்லை’ என்று பில்லைத் திருப்பியதும் சட்டம் சொல்லும் ஆட்சேபம் ஆகாது. ஆட்சேபம் என்றால் பொருளையோ வேலையையோ ஏற்பது குறித்து 15 நாளுக்குள் எழுத்தில் சொல்வது.

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். விகிதம் 6% என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18%. இந்த பில்லுக்கு இரண்டு மாதத்தில் சுமார் 2,000 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனால் அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. போதாததற்கு 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி ஒன்றும் இருக்கிறது, 1961 வருமான வரிச் சட்டத்தில் அது 43பி(எச்) பிரிவு. கெடு தாண்டியும் மார்ச் 31இல் பாக்கி நின்ற குறு, சிறு நிறுவன பில்லை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். ஒரு பில்லுக்கு 58,000. ஒவ்வொரு துறையின் மேசை டிராயரிலும் இப்படி எத்தனை பில் கிடக்கிறது என்று மார்ச் மாதத்தில் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிசப்ஷனில் ஆள் உட்கார்ந்ததும் மேலிடத்திலிருந்து ‘உடனே கொடுத்துவிடு’ என்று ஒரு மெயில் வந்தது. பிஓவோடு சேர்த்துப் போட்டால் 60 நாள் டெர்ம் குறுக்கே நிற்கும் என்று, எஸ்ஏபி மென்பொருளில் பிஓ தேவைப்படாத FB60 வழியாக பில்லைப் போட்டுப் பணம் அனுப்பினார்கள். ஆனால் பிஓவும் ஜிஆர்என்னும் திறந்தபடியே கிடந்தன. மே மாதம் யாரோ பழைய பில்லின் நகலை மறுபடி அனுப்ப, இந்த முறை அது பிஓவோடு மூன்று பக்கமும் அழகாக ஒத்துப்போனது. முதலில் பில் எண்ணை ‘147’ என்று மட்டும் அடித்திருந்தார்கள், இரண்டாவது முறை முன்னெழுத்துகளோடு முழுதாக அடித்தார்கள். அதனால் சிஸ்டத்தின் டூப்ளிகேட் சோதனை வாயைத் திறக்கவில்லை. பேமெண்ட் ரன்னுக்கு முந்தைய நாள், ஒரே வெண்டர், ஒரே தொகை என்று எங்கள் குழுவில் ஒரு தங்கை கவனித்ததால் 68,440 தப்பியது. விதியை மீறி அவசரத்தில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு ‘ரெகுலரைஸ்’ பண்ண பிஓ போடும் இடங்களில் எல்லாம் இந்தக் குழி இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அவசரத்துக்கான வழியை பில் வரும் நாளில் திறக்காதீர்கள், வேலை கொடுக்கும் நிமிடத்தில் திறந்து வையுங்கள். ஃபெசிலிட்டி, ஐடி, ஆலைப் பராமரிப்பு போன்ற துறைகளில் இரவில் முடிவெடுப்பவர்களுக்கு ஒரு உச்சவரம்பும், வரிசையான அவசர எண்களும் கொடுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டதும் அவருக்கும் பர்ச்சேஸ் துறையின் பொது மெயிலுக்கும் இப்படி ஒரு செய்தி போனால் போதும்:

“ஜெனரேட்டர் அவசரப் பழுது. அதிகபட்சம் ரூ. 75,000, ஜிஎஸ்டி தனி. அவசர எண் இ-014. வேலை முடிந்து 30 நாளில் பணம். சம்மதம் என்று பதில் அனுப்பவும்.”

அவர் சம்மதம் என்று பதில் போட்டுவிட்டால், எத்தனை நாளில் பணம் என்பது எழுத்தில் வந்துவிட்டது. நமக்கு 15க்குப் பதில் 30 நாள். அடுத்த வேலை நாளில் அந்த எண்ணைக் குறித்து பிஓ போட வேண்டும். அதில் உண்மையான தேதிதான் இருக்க வேண்டும். முன்தேதி போடச் சொல்லி எங்கள் மேசைக்கு வரும் வாய்மொழி உத்தரவுகளைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தாமதமாகப் போட்ட பிஓ ஒரு நடைமுறைக் குறை. தேதியை மாற்றிய பிஓ பொய் ஆவணம்.

அவசர எண்ணும் இல்லாமல் பில் வந்தால்? அப்போதும் வெண்டரிடம் திருப்பி அனுப்பாமல், வேலை கொடுத்தவரிடம் அனுப்புங்கள். யார் சொன்னார்கள், வேலை நடந்ததற்குக் கையெழுத்திட்ட சான்று எங்கே, விலை சந்தை விலையோடு ஒத்துப்போகிறதா என்று மூன்று நாளில் அவர் எழுதித் தரட்டும், அவருடைய துறைத் தலைவர் அதில் கையெழுத்திடட்டும். அதன்பின் கெடுவுக்குள் பணம் போகட்டும், பிஓ வழியாக ஒரே ஒரு முறை. வேலை கொடுத்ததாக யாருமே ஒப்புக்கொள்ளாத பில்லுக்கு விதி அப்படியே நிற்க வேண்டும். ‘அவசரம்’ என்று எழுதி, கூடவே வங்கிக் கணக்கும் மாறியிருக்கிறது என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, நம் வெண்டர் மாஸ்டரில் முன்பே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குச் செய்யும் போன் சரிபார்ப்பு ஆகாது. பெஸ்காம் கரண்ட் பில், வாடகை, அரசுக் கட்டணம் போன்றவற்றுக்கு பிஓ கேட்பதில் பயனில்லை, அவற்றைத் தனிப் பட்டியலில் வைத்துவிடலாம்.

டிராயரில் ஒளிந்திருக்கும் பில்களைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வாக்கில் ஜிஎஸ்டி தளத்தில் வரும் GSTR-2B அறிக்கையை எடுத்து, நம் கணக்கில் ஏறாத பில்களைப் பிரித்துப் பாருங்கள். வெண்டர் வரி கட்டக் கணக்குக் காட்டிவிட்டார், நம்மிடம் பதிவே இல்லை என்றால், அந்த பில் யாரோ ஒருவர் கையில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் பதிவில்லாதவர்களும் அதில் வரமாட்டார்கள், அவர்களை நேரில்தான் கேட்க வேண்டும். கூடவே பில் தேதிக்குப் பின் பிஓ தேதி விழுந்த வரிகளை மட்டும் எடுத்து, துறை வாரியாக உங்கள் மாதக் கூட்டத்தில் வையுங்கள். வெண்டரின் பெயருக்குப் பதில், வேலை கொடுத்தவரின் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் இருக்கட்டும்.

அந்தப் பட்டியலில் ஒரே வெண்டர் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே அவசரத்தைவிடத் திட்டமிடாமைதான் தெரிகிறது. மழைக்காலத்தில் ஜெனரேட்டரும் பம்பும் பழுதாவது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. அப்படிப்பட்டவர்களுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே விலைப்பட்டியலோடு ஓராண்டு ஓப்பன் பிஓ, மொத்த உச்சவரம்போடு போட்டுக் கொடுங்கள். டெர்ம் 45 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உத்யம் எண்ணையும் அன்றே வாங்கி வெண்டர் மாஸ்டரில் ஏற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரிலிருந்து ஒரு கணக்குத் துறை ஊழியன்